ஜப்பானியக் கூட்ட அறைத் திரையில் உங்கள் ஸ்லைடு வரவில்லை என்றால்

நகோயாவில் ஒரு கூட்ட அறை. காலை 9:30-க்குக் கூட்டம். நானும் என் குழுவில் இருக்கும் தம்பி ஒருவரும் 9:10-க்கே போய் உட்கார்ந்துவிட்டோம். சுவரில் பெரிய தொலைக்காட்சி, மேசையில் ஒரு ரிமோட். கேபிள் எதுவும் இல்லை, எல்லாரும் வயர்லெஸ்ஸில்தான் திரையை அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அழைத்து வந்தவர் தேநீர் கொண்டுவரப் போய்விட்டார். ரிமோட்டில் ஒரு எழுத்துகூட எங்களுக்குப் புரியவில்லை. அன்றைக்கு 16 நிமிடத்தில் சரியானது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நான்கு நிமிடம் போதும். அதைத்தான் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 மடிக்கணினி, ஜப்பானியத் தொலைக்காட்சி அல்லது ப்ரொஜெக்டர் என்ற ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், வாக்கியத்தின் வால்

ஜப்பானிய மொழி தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும். கேள்வியா, வேண்டுகோளா, மறுப்பா என்பதும் கடைசியில்தான் தெரியும். நாம் 'அனுமதிக்கலாமா' என்பதில் கடைசி 'ஆ'வை வைத்துக் கேள்வி என்று புரிந்துகொள்வதுபோல, அங்கே கடைசியில் か இருந்தால் கேள்வி. அதனால் திரையில் ஒரு பெட்டி வந்தால் முழுவதையும் படிக்க முயல வேண்டாம். வாலை மட்டும் பாருங்கள்.

か என்று முடிந்தால் உங்களிடம் ஏதோ கேட்கிறது. ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ください என்று முடிந்தால் நீங்கள் ஏதோ செய்ய வேண்டும் என்கிறது, பெரும்பாலும் எண்ணைத் தட்டச் சொல்லும். ない அல்லது ません வந்தால் மறுப்பு: 'இல்லை', 'முடியாது'. 中 என்று முடிந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, கை வைக்காமல் காத்திருங்கள்.

இதில் மிகவும் பயன்படுவது மறுப்பு. அனுமதி கேட்கும் பெட்டியில் இரண்டு பொத்தான்கள் இப்படி இருக்கும்: 許可する, 許可しない. முதல் இரண்டு எழுத்தும் ஒன்றுதான். 'அனுமதிப்பேன்', 'அனுமதிக்க மாட்டேன்' என்பதுபோல வேறுபாடு வாலில் இருக்கிறது. ない உள்ளதைத் தொடாதீர்கள். சில கருவிகளில் இதே இரண்டும் 許可, 拒否 என்று சுருக்கமாக வரும். அங்கே 許可தான் அனுமதி. இன்னும் எளிய பெட்டியில் はい என்றால் ஆம், いいえ என்றால் இல்லை.

ரிமோட்டில் நான்கு பொத்தான்கள் போதும். 入力 என்று தொடங்குவது உள்ளீட்டை மாற்றுவதற்கு. 決定 என்பது நம் ஓகே; அம்புக்குறிகளின் நடுவில் இருக்கும். 戻る பின்னால் போவதற்கு. 設定 அமைப்புகள்.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அனுமதிப் பெட்டி சில நொடிகளில் மறைந்துவிடும். கைப்பேசியை எடுத்துப் பூட்டைத் திறந்து கேமராவை நீட்டுவதற்குள் போய்விடும். நிதானமாக மெனுவில் உலாவும்போது கேமரா உதவும், அந்தப் பெட்டிக்கு வால் அறிவுதான் உதவும்.

அறிகுறி: மடிக்கணினியின் பட்டியலில் அறைத் திரையின் பெயரே வரவில்லை

விண்டோஸ் விசையையும் K-யையும் சேர்த்து அழுத்தினால் பக்கவாட்டில் பட்டியல் திறக்கும். அங்கே பெயர் வராவிட்டால் நம்மில் பலர் உடனே செய்வது, அறையின் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பது. அது இங்கே தேவையே இல்லை. விண்டோஸ் பயன்படுத்தும் மிராகாஸ்ட் முறை, மடிக்கணினிக்கும் திரைக்கும் நடுவில் தனியாக ஒரு நேரடி வைஃபை இணைப்பைப் போட்டுக்கொள்ளும். இருவரும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் வைஃபை இயக்கத்தில் இருந்தால் போதும்.

பெயர் வராததற்கு முதல் காரணம், தொலைக்காட்சி காது கொடுத்துக் கேட்கும் நிலையில் இல்லை. பல கருவிகளில் அதற்கென்று ஒரு உள்ளீட்டைத் திறந்து வைத்தால்தான் அது தன் பெயரை வெளியே சொல்லும். 入力 பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் ミラーリング என்ற ஆறு எழுத்துத் தொடரைத் தேடுங்கள். மூன்று சாய்ந்த கோடுகளில் தொடங்கும், நடுவில் ஒரு நீளக் கோடு இருக்கும். 'மிராரிங்கு' என்று படிக்க வேண்டும், மிரரிங்தான். அதற்கு முன்னால் 画面 என்றோ スクリーン என்றோ ஒட்டியிருக்கலாம், இரண்டும் திரைதான். அதைத் தேர்ந்து 決定 அழுத்தினால், காத்திருக்கும் திரை ஒன்று வரும். பெரும்பாலும் அதில் 中 என்று முடியும் ஒரு வரியும், அந்தத் திரையின் பெயரும் இருக்கும்.

உள்ளீட்டுப் பட்டியலில் இல்லையென்றால் ஹோம் பக்கத்துச் செயலிகளிலோ 設定-இலோ இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'மிராரிங்கு, ஒநெகாய்ஷிமாஸ்' என்றால் புரியும். 'மிரரிங் போட்டுக் கொடுங்கள்' என்ற பொருளில் மரியாதையாகவே இருக்கும். ரிமோட்டே காணவில்லை என்றால் 'ரிமோகோன் அரிமாஸ் கா?' என்று கேளுங்கள். இந்த இரண்டு வாக்கியமும் எனக்குப் பலமுறை உதவியிருக்கின்றன.

இரண்டாவது காரணம் நம் பக்கத்தில். அலுவலக மடிக்கணினியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அது இந்த நேரடி இணைப்பைத் தடுக்கக்கூடும். சில நேரம் பெயர் வராது, சில நேரம் பெயர் வந்தும் இணையாது. ஸ்லைடு கோப்பை முன்கூட்டியே கணினிக்குள் நகலெடுத்து வைத்துவிட்டு, விபிஎன்னைத் துண்டித்துப் பாருங்கள். கோப்பு அலுவலக சர்வரிலேயே இருந்தால் இதைச் செய்ய முடியாது. அதனால் இது அறைக்குப் போகும் முன்பே முடிய வேண்டிய வேலை.

மூன்றாவது, கணினிக்கே அந்தத் திறன் இருக்கிறதா என்பது. கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டுங்கள்:

```
netsh wlan show driver
```

வரும் நீளமான விடையின் கடைசிப் பகுதியில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்:

```
Wireless Display Supported : Yes (Graphics Driver: Yes, Wi-Fi Driver: Yes)
```

இரண்டில் ஒன்று No என்றால் அந்த டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். கூட்ட அறையில் உட்கார்ந்து அது நடக்காது, கேபிளைத் தேடுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் Wireless Display என்று ஒரு கூடுதல் வசதி நிறுவக் கிடைப்பதைப் பார்த்து அதை நிறுவுகிறவர்கள் உண்டு. அது இன்னொருவரின் திரையை உங்கள் கணினியில் வாங்குவதற்கு. அனுப்புவதற்கு அது வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. மேக்கில் மிராகாஸ்ட் இல்லை. ஏர்பிளே உள்ள திரையாக இருந்தால்தான் வயர்லெஸ்.

அறிகுறி: பெயர்கள் வருகின்றன, எது நம் அறை என்று தெரியவில்லை

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நகோயாவில் எங்கள் பட்டியலில் மூன்று பெயர்கள் வந்தன. இரண்டில் கடைசி எண் மட்டும்தான் வேறு. தவறானதைத் தொட்டால், பக்கத்து அறையில் யாரோ நடத்தும் கூட்டத்தின் நடுவில் நம் விலைப்பட்டியல் போய் நிற்கும்.

அறைப் பெயர்கள் 会議室 என்ற சொல்லோடு வரும், கூட்ட அறை என்று பொருள். அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள எண்தான் அடையாளம். 3階 என்றால் மூன்றாம் தளம். கதவில் ஒட்டியிருக்கும் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்து, மிரரிங் காத்திருப்புத் திரையில் உள்ள பெயரோடும் மடிக்கணினிப் பட்டியலோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பொருள் தெரிய வேண்டாம், வடிவம் பொருந்தினால் போதும். யாரும் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் கருவியின் மாடல் எண் ஆங்கில எழுத்திலேயே வரும். அப்போது காத்திருப்புத் திரையை மட்டுமே நம்புங்கள்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் மிரரிங் உள்ளீட்டை மூடிப் பாருங்கள். சற்று நேரத்தில் பட்டியலிலிருந்து எந்தப் பெயர் மறைகிறதோ அதுதான் உங்கள் திரை. எப்போதும் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும் வகைத் திரைகளில் மட்டும் இது பலிக்காது.

அறிகுறி: 'Connecting' என்று சுற்றுகிறது, பிறகு 'Couldn't connect'

எங்களுக்கு நடந்தது இதுதான். சரியான பெயரைத் தேர்ந்தோம். தொலைக்காட்சியின் கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி வந்தது. தம்பி அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து 戻る அழுத்திவிட்டார். பெட்டி போனது, மடிக்கணினியில் 'Couldn't connect' வந்தது. மறுபடி முயன்றோம். இந்த முறை பெட்டியே வரவில்லை, இரண்டு நொடியில் நேராகப் பிழை.

"அண்ணா, முதல்ல வந்தது இப்ப ஏன் வரல?" என்று கேட்டார். சரியான கேள்வி. இந்தச் சிக்கலின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

முதல் பிழைக்கும் இரண்டாவது பிழைக்கும் காரணம் வேறு. முதலில் வந்த பெட்டி 接続を許可しますか என்று கேட்டது. வால் か, ஆகவே கேள்வி: இணைக்க அனுமதிக்கலாமா? மூடியதைத் தொலைக்காட்சி மறுப்பாக எடுத்துக்கொண்டு, எங்கள் கணினியை மறுக்கப்பட்டவர்கள் பட்டியலில் எழுதி வைத்துவிட்டது. எல்லாக் கருவியும் இப்படி எழுதி வைப்பதில்லை. ஆனால் எழுதி வைத்தால் அதன் பிறகு கேட்காது, சத்தமில்லாமல் மறுத்துக்கொண்டே இருக்கும். இதைப் பிரித்தறிவது நேரத்தை வைத்துத்தான். அரை நிமிடம்போலச் சுற்றிவிட்டுத் தோற்றால், பெட்டி எங்கோ பதிலுக்குக் காத்திருந்து காலாவதியாகியிருக்கிறது. மறுபடி முயன்று திரையைக் கவனியுங்கள். உடனே தோற்றால் மறுப்புப் பட்டியலைச் சந்தேகியுங்கள்.

பட்டியலைத் திறக்க, மிரரிங் காத்திருப்புத் திரையிலேயே ரிமோட்டின் மெனு பொத்தானை அழுத்திப் பாருங்கள், அல்லது 設定-க்குள் வலையமைப்புப் பகுதிக்குப் போங்கள். தேட வேண்டிய சொல் 機器, கருவி என்று பொருள். 登録機器 என்று வந்தால் பதிவான கருவிகளின் பட்டியல். உள்ளே போனால் கருவிகளின் பெயர்கள் இருக்கும், அவற்றில் உங்கள் கணினியின் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்கும். உங்கள் கணினியின் பெயர் உங்களுக்கே தெரியாவிட்டால், கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டினால் சொல்லும்:

```
hostname
```

எங்கள் பெயருக்குப் பக்கத்தில் 拒否 என்று இருந்தது. அதை 許可 என்று மாற்றினோம். மாற்ற வழியில்லாத கருவிகளில் அந்த ஒரு பெயரைத் தேர்ந்து 削除 கொடுத்து நீக்கினால், அடுத்த முறை புதிதாகக் கேட்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 初期化 என்ற சொல் எங்கே வந்தாலும் தொடாதீர்கள். அது கருவியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும். 全削除 என்பதையும் தொடாதீர்கள். எல்லாவற்றையும் நீக்கிவிடும், நாளைக்கு அந்த அறையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சியின் பக்கம் சரியாக இருந்தும் இணையவில்லை என்றால், மடிக்கணினியின் நினைவையும் துடைக்க வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் புளூடூத்தும் கருவிகளும் உள்ள பகுதியில் அந்தத் திரையின் பெயரைத் தேடி, Remove device கொடுத்துவிட்டு, மறுபடி விண்டோஸ் + K. பழைய சாவியை வைத்துக்கொண்டு ஒரு பக்கமும், புதிதாகக் கேட்டுக்கொண்டு மறுபக்கமும் இருந்தால் இருவரும் ஒத்துப்போகவே மாட்டார்கள்.

சில அறைகளில் அனுமதிப் பெட்டிக்குப் பதிலாக எண் வரும். PINコード என்ற சொல்லோடு திரையில் எண்கள் தெரிந்தால், அவற்றை மடிக்கணினியில் தட்ட வேண்டும். எட்டு இலக்கம் வரும் கருவிகள் நிறைய. ஒவ்வொரு முயற்சிக்கும் எண் மாறும். முந்தைய முறை எழுதி வைத்ததைப் போடாதீர்கள். ஒருவர் திரையைப் பார்த்து எண்ணைச் சொல்ல, இன்னொருவர் தட்டினால் காலாவதி ஆகாமல் முடியும்.

எண் சரியாகப் போட்டும், அனுமதி கொடுத்தும், திரை ஒரு கணம் கறுத்துவிட்டு 接続できませんでした என்று வந்தால் நடுவில் உள்ள ません-ஐப் பாருங்கள்: இணைக்க முடியவில்லை என்கிறது. இந்த நிலையில் நான் முதலில் சந்தேகிப்பது நம் அலுவலகம் கணினியில் போட்டிருக்கும் பயர்வாலை. நேரடி வைஃபை இணைப்பை அது முன்பின் தெரியாத பொது வலையமைப்பு என்று கருதி, திரையிலிருந்து வரும் பதில்களை அடைத்துவிடும். அதைத் திறக்கும் அதிகாரம் பெரும்பாலும் நமக்கு இருக்காது. ஊரில் உள்ள கணினித் துறையினர் அப்போது தூக்கத்தில் இருப்பார்கள். ஜப்பானில் காலை 9:30 என்றால் இந்தியாவில் காலை 6:00. ஆகவே பயணத்துக்கு முன்பே, உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ மிராகாஸ்ட் உள்ள ஏதாவது ஒரு தொலைக்காட்சிக்கு அதே கணினியிலிருந்து ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அங்கே போனால் ஜப்பானிலும் போக வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: இணைந்துவிட்டது, வெறும் பின்னணிப் படம்தான் தெரிகிறது

விண்டோஸ் + P அழுத்தி Duplicate தேர்ந்தெடுங்கள். Extend என்று இருந்தால் தொலைக்காட்சி இரண்டாவது மேசையாகத்தான் வேலை செய்யும். குறிப்புகளை உங்கள் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டு பேசுகிறவர் என்றால் Extend-ஐயே வைத்துக்கொண்டு, ஸ்லைடு எந்தத் திரையில் ஓட வேண்டும் என்பதை பவர்பாயின்டில் மாற்றுங்கள்.

அறிகுறி: படம் திக்கித் திக்கி நகர்கிறது, சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது

நாங்கள் 9:22-க்கு இணைந்தோம். ஸ்லைடு வந்தது, ஆனால் ஒவ்வொரு பக்கமும் மாறச் சில நொடி எடுத்தது. காரணம், மடிக்கணினி விருந்தினர் வைஃபையிலும் சேர்ந்திருந்தது. கணினிக்குள் இருக்கும் வைஃபை வானொலி பெரும்பாலும் ஒன்றுதான். விருந்தினர் வைஃபை ஒரு சேனலிலும், தொலைக்காட்சியுடனான நேரடி இணைப்பு வேறொரு சேனலிலும் இருந்தால், அந்த ஒரே வானொலி இங்கும் அங்கும் மாறி மாறித் தாவ வேண்டியிருக்கும்.

ஜப்பானில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை W52, W53, W56 என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி இரண்டும் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளும் அலைவரிசைகள். ராடார் தெரிந்தால் வைஃபை ஒதுங்க வேண்டும். நேரடி இணைப்புகள் பொதுவாக இந்த இரண்டையும் தவிர்க்கும். அலுவலக வைஃபையோ நெரிசல் குறைவு என்று அங்கேதான் போய் உட்காரும். அப்படி இருந்தால் இரண்டும் ஒரே சேனலில் சந்திக்க வழியே இல்லை.

மருந்து எளிது. விருந்தினர் வைஃபையிலிருந்து வெளியே வாருங்கள். ஆனால் வைஃபையை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் மிரரிங்கும் போய்விடும். இதைச் செய்த உடனே எங்கள் படம் சீரானது. கூட்டத்தின் நடுவில் இணையம் கட்டாயம் வேண்டும் என்றால் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி அதன் இணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை வைஃபை வழியாக வைத்தால் பழைய கதைதான். அப்புறம், ஸ்லைடுக்குள் காணொளி இருந்தால் வயர்லெஸ்ஸை நம்பாதீர்கள்.

கேபிளுக்குப் போக வேண்டிய நேரம்

என் கணக்கு இது: கூட்டம் தொடங்க ஏழு நிமிடம் இருக்கும்போதும் திரை ஏறவில்லை என்றால் மிரரிங்கை விட்டுவிட வேண்டும். மேசையில் கேபிள் இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியின் பின்னால் செருகும் இடம் இருக்கும். இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளும், உங்கள் கணினிக்குப் பொருந்தும் யுஎஸ்பி-சி மாற்றியும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா யுஎஸ்பி-சி துளையும் படத்தை அனுப்பாது என்பதால், அந்த மாற்றியையும் ஊரிலேயே போட்டுப் பாருங்கள். செருகிய பிறகு 入力 அழுத்தினால் HDMI1, HDMI2 என்று ஆங்கில எழுத்திலேயே இருக்கும்.

தொலைக்காட்சியின் மொழியை மாற்றிவிடலாமே என்று தோன்றும். 設定-க்குள் 言語 என்பதுதான் மொழி. அழைத்தவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றினால் கிளம்பும்போது 日本語 என்று திருப்பி வையுங்கள்.

கூட்டம் முடிந்ததும்

விண்டோஸ் + K அழுத்தி Disconnect கொடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து துண்டிப்பதாக இருந்தால் கவனமாகப் பாருங்கள்: 接続 இணைப்பு, 切断 துண்டிப்பு. இரண்டும் இரண்டிரண்டு எழுத்துகள், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். பதிவான கருவிகள் பட்டியலில் உங்கள் கணினியின் பெயரை மட்டும் 削除 கொடுத்து நீக்கிவிட்டு, உள்ளீட்டை நீங்கள் வந்தபோது இருந்த இடத்துக்கே மாற்றி வையுங்கள். மின்னஞ்சலைத் திறப்பது அதற்குப் பிறகு.